கம்பெனி எவ்ளோ பெருசு? கடன்ல சரக்கு அனுப்புறதுக்கு முன்னாடி பாத்துக்கற வழி

புது பார்ட்டி ஒருத்தர் ஃபோன் பண்ணி "எங்க கம்பெனி 200 கோடி டர்ன்ஓவருங்க, 1500 பேர் வேல பாக்கறாங்க, 60 நாள் கடன் குடுங்க"ன்னு கேக்கறாரு. உங்ககிட்ட அவங்க விசிட்டிங் கார்டும் ஜிஎஸ்டி நம்பரும் மட்டும்தான் இருக்கு. இதுலேந்து அந்த கம்பெனி நெஜமாவே என்ன சைஸ்னு எப்டி கணக்கு போடறதுன்னுதான் இங்க சொல்லப்போறேன். திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனிய உதாரணமா வச்சுக்குவோம், பேரு வேண்டாம், கற்பனைதான், நம்பரும் கணக்கு புரியறதுக்காக நான் போட்டது. நீங்க அட்டைப்பெட்டி சப்ளை பண்றவர்னு வச்சுக்கங்க.

தேட ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு விஷயம் மனசுல இருக்கணும். கவர்மென்ட் சைட்ல கெடைக்கற எந்த தகவலும் "இந்த கம்பெனி 47 கோடி"ன்னு நேரா சொல்லாது. சிலது "இதுக்கு மேல இல்ல"ன்னு சொல்லும், சிலது "குறைஞ்சது இவ்ளோவாவது இருக்கு"ன்னு சொல்லும், அவ்ளோதான். மொத வகைய கூரைன்னும் ரெண்டாவது வகைய தரைன்னும் வச்சுப்போம். கூரைய பாத்து தரைன்னு நெனச்சிட்டா கணக்கு மொத்தமும் தப்பாயிரும், புதுசா பாக்கறவங்க பெரும்பாலும் வழுக்கறது இந்த எடத்துலதான்.

ஜிஎஸ்டி நம்பர்லேந்து ஆரம்பிங்க

15 எழுத்து இருக்கும். மொத ரெண்டு ஸ்டேட் கோடு, தமிழ்நாட்டுக்கு 33. மூணாவதுலேந்து பன்னெண்டாவது வரைக்கும் அப்டியே பான் நம்பர். அதுல நாலாவது எழுத்து, அதாவது ஜிஎஸ்டி நம்பர்ல ஆறாவது எழுத்து, ரொம்ப முக்கியம். C-ன்னு இருந்தா கம்பெனி, F-ன்னு இருந்தா பார்ட்னர்ஷிப் இல்லன்னா எல்எல்பி, P-ன்னு இருந்தா தனி ஆள் நடத்தற ப்ரொப்ரைட்டர்ஷிப். கார்டுல பெரிய எழுத்துல "குரூப் ஆஃப் கம்பெனீஸ்"னு போட்டுட்டு ஆறாவது எழுத்து P-யா இருக்கறத நெறைய பாக்கலாம், அது தப்பில்ல, ஆனா நீங்க பில் போடறது அந்த ஒரு ஆள் பேர்லதான்னு தெரிஞ்சுக்கங்க.

gst.gov.in போயி Search Taxpayer-ல நம்பர போட்டா பேரு, விலாசம், எப்போ பதிவு பண்ணாங்க, ரெகுலரா காம்போசிஷனா எல்லாம் வரும். காம்போசிஷன்னா சரக்கு விக்கறவங்களுக்கு 1.5 கோடி கூரை, அங்கயே கத முடிஞ்சுது. சில பேருக்கு Annual Aggregate Turnover-னு ஒரு வரி வரும், அதுல Slab: Rs. 5 Cr. to 25 Cr. மாதிரி ஒரு வரம்பு இருக்கும், அதுக்கு அடுத்தது 25 டு 100, அப்புறம் 100 டு 500. எல்லாருக்கும் இது வராது, சிலருக்கு NA-ன்னு நிக்கும். வந்தா அது நல்ல தகவல், ஏன்னா ஒரே வரில தரையும் கூரையும் சேந்து கெடைக்குது.

ஆனா இந்த டர்ன்ஓவர்ல என்ன சேரும்னு தெரிஞ்சிருக்கணும். இது ஒரே பான்ல இந்தியா முழுக்க இருக்கற எல்லா கிளையும் சேத்து வர்ற தொகை, எக்ஸ்போர்ட்டும் இதுல உண்டு, வரி இல்லாத சரக்கு வித்ததும் உண்டு, ஜிஎஸ்டி தொகை மட்டும் சேராது. இன்னொரு விஷயம், திருப்பூர்லேந்து அதே கம்பெனியோட டெல்லி குடோனுக்கு சரக்கு அனுப்பினாலும் அது ஜிஎஸ்டில சப்ளைதான், அதனால அதே சரக்கு இங்கேருந்து போகும்போது ஒரு தடவ, அங்க விக்கும்போது ஒரு தடவன்னு ரெண்டு தடவ கணக்குல வரும். பல ஸ்டேட்ல குடோன் வச்சிருக்கற பார்ட்டிக்கு ஜிஎஸ்டி டர்ன்ஓவர் அவங்க பேலன்ஸ் ஷீட்ல இருக்கறதவிட பெருசா தெரியறதுக்கு பாதி காரணம் இதுதான். போர்ட்டல்ல பான வச்சும் தேடலாம், எத்தன ஸ்டேட்ல நம்பர் வாங்கிருக்காங்கன்னு வந்துரும், அத பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

ஸ்லாப் வரலன்னா கீழ SHOW FILING TABLE இருக்கும், அத அமுக்குங்க. GSTR-3B மாசா மாசம் போட்டிருக்காங்களா, மூணு மாசத்துக்கு ஒருக்கா போட்டிருக்காங்களான்னு பாருங்க. போன வருஷ டர்ன்ஓவர் 5 கோடி வரைக்கும் இருக்கறவங்களுக்குத்தான் மூணு மாசத்துக்கு ஒருக்கா போடற சலுகை, அதனால மூணு மாசம்னா 5 கோடி கூரை, உறுதியா சொல்லலாம். மாசா மாசம்னா அதுலேந்து ஒண்ணும் சொல்ல முடியாது, ஏன்னா 2 கோடி பண்றவங்களும் விருப்பப்பட்டு மாசா மாசம் போடலாம், அவங்ககிட்ட வாங்கறவங்க கிரெடிட் சீக்கிரம் தெரியணும்னு கேக்கறதால நெறைய பேர் அப்டித்தான் போடறாங்க. GSTR-1-அ பாத்து முடிவு பண்ணாதீங்க, மூணு மாசத்துக்காரங்களும் நடுவுல IFF-னு ஒண்ணு போடுவாங்க, பாக்க மாசா மாசம் மாதிரியே தெரியும்.

நம்ம பனியன் கம்பெனிக்கு ஸ்லாப் வந்துது, 25 டு 100 கோடி. அவரு சொன்ன 200 இங்கயே அடிபட்டுது, ஆனா உடனே பொய்னு சொல்லிராதீங்க, ஏன்னு கடைசில வர்றேன்.

எத்தன பேர் வேல பாக்கறாங்க

இதுக்கு பிஎஃப் சைட்ட விட்டா வேற நல்ல எடம் கெடையாது. epfindia.gov.in-லேந்து Establishment Search போயி கம்பெனி பேர்ல முக்கியமான ஒரு வார்த்தைய மட்டும் போடுங்க, முழு பேரையும் போட்டா "பிரைவேட்"டா "பி"யான்னு ஒரு புள்ளி மாறினாலும் வராது. கேப்ச்சா போட்டதும் லிஸ்ட் வரும். ஒரே கம்பெனிக்கு ரெண்டு மூணு கோடு இருக்கலாம், யூனிட் யூனிட்டா வாங்கிருப்பாங்க, விலாசத்த வச்சு சரிபாத்து எல்லாத்தையும் எடுத்துக்கங்க. View Details-க்குள்ள View Payment Details-னு ஒண்ணு இருக்கும், அதுலதான் சரக்கே இருக்கு: எந்த மாச சம்பளத்துக்கு, எந்த தேதில, எவ்ளோ தொகை, எத்தன பேருக்கு கட்டினாங்க எல்லாம் வரிவரியா வரும்.

ஒரே மாசத்துக்கு ரெண்டு மூணு வரி இருந்தா ஆள் எண்ணிக்கைய கூட்டாதீங்க. அரியர் கட்டினா, விட்டுப்போன ஆளுக்கு தனியா கட்டினா இன்னொரு வரி வரும், அதுல இருக்கறது பெரும்பாலும் அதே ஆளுங்கதான். ஒரு கோடுக்கு, ஒரு மாசத்துக்கு, பெரிய வரி எதுவோ அத மட்டும் எடுங்க. ஒரு மாசத்த மட்டும் பாத்து நிறுத்தாம பன்னெண்டு மாசமும் எழுதுங்க, ஏன்னா திருப்பூர் மாதிரி ஊர்ல பொங்கல், தீபாவளின்னா ஊருக்கு போற ஆளுங்க திரும்பி வர்றதுக்கு நாளாகும், அந்த மாசத்த மட்டும் பாத்தா கம்பெனி சுருங்கிட்ட மாதிரி தெரியும். நம்ம கம்பெனிக்கு ஒரே கோடுதான், ஜனவரில 310, ஆகஸ்ட்ல 360, சராசரி 340 பேர்.

இந்த 340 தரை. ஏன்னா பிஎஃப் கட்டின ஆளு கண்டிப்பா இருக்கான், கட்டாம இருக்கற ஆளும் இருக்கலாம். அடிப்படை சம்பளம் 15,000-க்கு மேல வாங்கற ஆளு மொத தடவ வேலைக்கு சேந்தா அவர பிஎஃப்ல சேக்காம விடலாம், அதனால ஆபீஸ் ஸ்டாஃப் கொஞ்ச பேர் விட்டுப்போயிருப்பாங்க. அதவிட பெரிய ஓட்டை காண்ட்ராக்ட் ஆளுங்க, அவங்க காண்ட்ராக்டரோட கோடுலதான் வருவாங்க. 20 பேரோ அதுக்கு மேலயோ இருந்தாத்தான் பிஎஃப் கட்டாயம், அதனால தேடி ஒண்ணுமே வரலன்னா 20-க்கு கீழன்னு ஒரு யூகம் வச்சுக்கலாம், ஆனா மொதல்ல ஸ்பெல்லிங்க மாத்தி மாத்தி தேடிட்டு சொல்லுங்க.

இப்போ தொகைய பாருங்க. அந்த 340 பேருக்கு மாசம் சுமாரா 11.5 லட்சம் கட்டிருக்காங்க. தொழிலாளி பங்கு 12 சதம், முதலாளி பங்கு 12, இன்சூரன்சும் நிர்வாகக் கட்டணமும் அர அரன்னு ஒண்ணு, ஆக 25 சதம். அதாவது கட்டின தொகைய நாலால பெருக்கினா பிஎஃப் பிடிக்கற சம்பளம் வந்துரும்.

```
11,50,000 × 4   = 46,00,000   (மாசம்)
46,00,000 ÷ 340 = 13,530      (ஆளுக்கு)
46,00,000 × 12  = 5.52 கோடி   (வருஷம்)
```

ஆளுக்கு 13,500 கிட்ட வருது, டெய்லர், செக்கிங், அயர்னிங் ஆளுங்க இருக்கற எடத்துக்கு நம்பற மாதிரிதான் இருக்கு. இதே கணக்குல ஆளுக்கு 4,000-ன்னு வந்துதுன்னா ரெண்டுல ஒண்ணு: சம்பளத்த அலவன்சா பிரிச்சு பிஎஃப குறைக்கறாங்க, இல்ல ஆளுங்க பாதி மாசம் வேல பாத்துட்டு போயிடறாங்க. சொந்தமா பிஎஃப் ட்ரஸ்ட் வச்சிருக்கற பெரிய கம்பெனிகளுக்கும் பீடி, செங்கல், கயிறு மாதிரி 10 சதம் கட்டற தொழிலுக்கும் இந்த நாலு மடங்கு கணக்கு ஒத்துவராது.

ஆள் எண்ணிக்கைலேந்து டர்ன்ஓவர்

இங்கதான் ஆளாளுக்கு "ஒரு ஆளுக்கு 20 லட்சம்"னு ஏதோ ஒரு நம்பர வச்சு பெருக்கிடறாங்க, அத செய்யாதீங்க. திருப்பூர்லயே பாருங்க, நூல் வாங்கி விக்கற ட்ரேடர் பத்து பேர வச்சுக்கிட்டு பெரிய டர்ன்ஓவர் காட்டுவாரு, ஏன்னா சரக்கோட மொத்த விலையும் அவர் பில்லுல வருது. அந்தப்பக்கம் சாயப்பட்டறைலயோ ஜாப்வொர்க் தையல் யூனிட்லயோ 200 பேர் இருப்பாங்க, டர்ன்ஓவர் சின்னதா இருக்கும், துணி கஸ்டமரோடது, இவங்க பில்லுல வர்றது கூலி மட்டும்தான். அதனால அதே வேலைய அதே மாதிரி செய்யற கம்பெனியோடதான் ஒப்பிடணும்.

வழி என்னன்னா, அதே லைன்ல ரெண்டு மூணு கம்பெனியோட லாப நஷ்ட கணக்க எடுத்து Employee benefits expense-அ Revenue from operations-ஆல வகுத்து சதவீதம் பாத்து வச்சுக்கங்க. நம்ம உதாரணத்துக்கு அது 14-லேந்து 18 சதம்னு வச்சுக்குவோம். பிஎஃப் சம்பளம் 5.52 கோடி, அதோட அலவன்ஸ், போனஸ், முதலாளி கட்டற பிஎஃப், ஈஎஸ்ஐ பங்கு, பிஎஃப்ல வராத ஸ்டாஃப் சம்பளம் எல்லாம் சேத்தா சுமாரா 7 கோடி. 7-அ 18 சதத்தால வகுத்தா 39 கோடி, 14 சதத்தால வகுத்தா 50 கோடி. ஜிஎஸ்டி ஸ்லாப்புக்குள்ள வந்து உக்காருது, ஆக ரெண்டும் ஒண்ணையொண்ணு அடிச்சுக்கல. அடிச்சுக்கிச்சுன்னா, உதாரணத்துக்கு கணக்குல 40 கோடி வந்து ஸ்லாப் 100 டு 500-ன்னு இருந்தா, தையல வெளில குடுக்கறாங்க, இல்ல துணிய வாங்கி விக்கற ட்ரேடிங்கும் பண்றாங்கன்னு அர்த்தம், அத ஃபோன்லயே கேட்டுறலாம்.

எந்த ஃபார்ம் போட்டாங்கன்னு பாருங்க

கம்பெனி பதிவெல்லாம் இருக்கற கவர்மென்ட் சைட் mca.gov.in, அதுல மாஸ்டர் டேட்டா ஃப்ரீ. அதுல பெய்டப் கேபிடல் வரும், அத பாத்து சைஸ முடிவு பண்ணிராதீங்க, 1 லட்சம் கேபிடல்ல பல கோடி வியாபாரம் பண்றவங்களும் இருக்காங்க, கேபிடல் பெருசா போட்டு ஒண்ணும் ஓட்டாதவங்களும் இருக்காங்க. நமக்கு வேண்டியது அவங்க என்ன ஃபார்ம் போட்டாங்கங்கற லிஸ்ட், அதுலேந்தே நெறைய தெரிஞ்சுரும்.

வருஷாந்திர ரிட்டர்னுக்கு ரெண்டு ஃபார்ம் இருக்கு, சின்ன கம்பெனியும் ஒரே ஆள் கம்பெனியும்னா MGT-7A, மத்தவங்க MGT-7. சின்ன கம்பெனிங்கறதுக்கு கம்பெனி சட்டத்துல வரம்பு இருக்கு, 2022 செப்டம்பர் 15-லேந்து பெய்டப் கேபிடல் 4 கோடி வரைக்கும், டர்ன்ஓவர் 40 கோடி வரைக்கும், ரெண்டுமே உள்ள இருக்கணும். 2025 டிசம்பர் 1-லேந்து அத 10 கோடி, 100 கோடின்னு ஏத்திட்டாங்க. அதனால எந்த வருஷ ஃபார்ம பாக்கறீங்களோ அந்த வருஷ வரம்ப வச்சுத்தான் படிக்கணும், ஒரே ஆள் கம்பெனியா இல்லாம 2023-24-க்கு MGT-7A போட்டிருந்தா 40 கோடி கூரை, இனிமே வர்ற MGT-7A-க்கு கூரை 100 கோடி ஆயிரும், பழைய மாதிரி கூர்மையா இருக்காது. MGT-7-னா பெருசுன்னு அர்த்தமில்ல. வேற கம்பெனியோட துணை கம்பெனியா இருந்தாலும், தானே ஒரு துணை கம்பெனி வச்சிருந்தாலும் டர்ன்ஓவர் ரெண்டு கோடியா இருந்தாக்கூட அது சின்ன கம்பெனி ஆகாது, MGT-7தான் போடணும்.

இன்னொண்ணு AOC-4, நிதிக் கணக்கு தாக்கல் பண்றது. லிஸ்டட் கம்பெனி, கேபிடல் 5 கோடி அல்லது அதுக்கு மேல, டர்ன்ஓவர் 100 கோடி அல்லது அதுக்கு மேல, இதுல ஒண்ணு இருந்தாலும் பொதுவா AOC-4 XBRL போடணும். ஒரு தடவ XBRL-குள்ள போயிட்டா பின்னாடி டர்ன்ஓவர் விழுந்தாலும் அதுலயே தொடரணும்னு விதி. அதனால XBRL போட்டிருக்காங்கன்னா "ஒரு காலத்துல பெருசா இருந்துது, இல்ல கேபிடல் அதிகம், இல்ல லிஸ்டட்"னு மட்டும்தான் சொல்லலாம். வெறும் AOC-4 போட்டிருந்தா அதுதான் உறுதியான தகவல், அந்த வருஷம் 100 கோடிய தொடல.

நம்ம கம்பெனி 2022-23-க்கு MGT-7A போட்டிருக்கு, 2023-24-க்கு MGT-7 போட்டிருக்கு, கேபிடல் 1 கோடிலேந்து மாறல, துணை கம்பெனி எதுவும் இல்ல. அப்போ நடுவுல 40 கோடிய தாண்டிருக்காங்க. AOC-4 ரெண்டு வருஷமும் சாதாரணது. ஆக 40 தரை, சம்பளக் கணக்குலேந்து 50 பக்கம் மேல் எல்லை, 100-க்கு மேல கண்டிப்பா இல்ல. நான் எழுதினா "40லேந்து 50 கோடி, நேரடி ஆள் 340"ன்னு எழுதி, பக்கத்துல எந்த வருஷத்துக்கான கணக்குன்னும் எழுதி வைப்பேன்.

100 ரூபா கட்டினா MCA-ல அந்த டாக்குமென்ட்டையே தொறந்து டர்ன்ஓவர நேரா பாக்கலாமே, எதுக்கு இவ்ளோ சுத்தணும்னு கேப்பீங்க. பாருங்க, கண்டிப்பா பாருங்க, ஆனா மார்ச்ல முடிஞ்ச வருஷத்தோட கணக்கு வழக்கமா அக்டோபர், நவம்பர்லதான் அங்க ஏறும். நீங்க ஆகஸ்ட்ல பாத்தா கையில இருக்கறது போன வருஷத்துக்கு முந்தின வருஷ நம்பர், பிஎஃப் ஆள் எண்ணிக்கையோ போன மாசம் வரைக்கும் இருக்கு. ப்ரொப்ரைட்டர், பார்ட்னர்ஷிப்புக்கு MCA-ல ஒண்ணுமே இருக்காது, அவங்களுக்கு ஜிஎஸ்டியும் பிஎஃப்பும்தான்.

உத்யம் சர்டிஃபிகேட் காட்டினாங்கன்னா ஒரு எச்சரிக்கை. 2025 ஏப்ரல் 1-லேந்து மைக்ரோன்னா டர்ன்ஓவர் 10 கோடி வரைக்கும், ஸ்மால்னா 100 கோடி வரைக்கும், மீடியம்னா 500 கோடி வரைக்கும், மெஷின் முதலீட்டுக்கும் தனி வரம்பு உண்டு. ஆனா அதுல எக்ஸ்போர்ட் டர்ன்ஓவர கழிச்சுட்டுதான் கணக்கு போடுவாங்க. முழுக்க எக்ஸ்போர்ட் பண்ற கம்பெனி உத்யம்ல மைக்ரோவாவோ ஸ்மாலாவோ இருந்துட்டு ஜிஎஸ்டில 100 டு 500 ஸ்லாப்ல இருக்கலாம், ரெண்டும் சரிதான்.

அப்போ அந்த 200 கோடி?

பெரும்பாலும் "குரூப்" கணக்கா இருக்கும். அண்ணன் பேர்ல ஒரு ஸ்பின்னிங் மில், மச்சான் பேர்ல ஒரு ப்ரொசெசிங் யூனிட், எல்லாத்தையும் சேத்து 200-ன்னு சொல்லிருப்பாரு, 1500 பேரும் அப்டித்தான், இல்ல காண்ட்ராக்ட் ஆளுங்களையும் ஜாப்வொர்க் யூனிட் ஆளுங்களையும் சேத்திருப்பாரு. பொய்யின்னு சொல்ல முடியாது. ஆனா உங்க பில் ஒரே ஒரு பான் மேலதான், பணம் வரலன்னா மில்லுகிட்ட போயி கேக்க முடியாது. "எந்த ஜிஎஸ்டி நம்பர்ல பில் போடணும், 200 கோடில இந்த நம்பர்ல எவ்ளோங்க?"ன்னு நேரா கேளுங்க, நெஜமான பார்ட்டி கூச்சப்படாம சொல்லிருவாரு. கடன் அளவ 40-50 கோடி கம்பெனிக்கு குடுக்கற மாதிரியே வைங்க, மில்லு பலத்த பாத்துதான் குடுக்கணும்னா மில்லுகிட்டேந்து எழுத்துல கேரன்டி வாங்கிக்கங்க.

சரக்கு போக ஆரம்பிச்சதுக்கு அப்புறமும் பிஎஃப் பேமெண்ட் பக்கத்த மாசம் ஒருக்கா தொறந்து பாருங்க. ஒரு மாச சம்பளத்துக்கான பிஎஃப அடுத்த மாசம் 15-ஆம் தேதிக்குள்ள கட்டணும். இவ்ளோ நாளா 14, 15-ன்னு கட்டிட்டு வந்தவங்க ஜூன் மாசத்துக்கு ஆகஸ்ட் 20-ல கட்டிருந்தாங்கன்னா, கூடவே ஆளும் 340-லேந்து 270-க்கு எறங்கிருந்துதுன்னா, அடுத்த லோடுக்கு 60 நாள் வேண்டாம், பாதி அட்வான்ஸ்னு பேசுங்க.